தொலைபேசிக் காட்சியில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது: அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

அமுதன்:
வணக்கம். கல்லூரி நாடகக் குழுக்களுக்காக ஒரு எழுத்துப் பயிற்சிக் கையேடு தயாரித்து வருகிறேன். அதில் ஒரு பகுதிக்குச் சொல் அகப்படவில்லை. மேடையில் ஒருவர் போனில் பேசுகிறார். அவர் குரல் மட்டும் அவையோருக்குக் கேட்கிறது, எதிராளி பேசுவது கேட்பதில்லை. இந்தப் பேச்சுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆங்கிலத்தில் ‘ஹாஃபலாக்’ என்ற சொல் 2010-இல் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்களின் கட்டுரையில் வந்தது. பக்கத்தில் யாரோ கைபேசியில் பேசினால் நம் கவனம் ஏன் இவ்வளவு கெடுகிறது என்று அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இருவர் பேச்சை முழுதாகக் கேட்டபோதும், ஒருவர் தனியாகப் பேசியதைக் கேட்டபோதும் வராத தடுமாற்றம், பாதியை மட்டும் கேட்டபோது வந்தது. அடுத்து என்ன வரும் என்று நம்மை அறியாமல் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். ரயிலில் எரிச்சல் தரும் அதே விஷயம் மேடையில் நமக்கு உதவுகிறது.

என் பரிந்துரை: பாதியுரையாடல்.

இளங்கோ:
அமுதன், புதுச்சொல் தேவையே இல்லை. வடமொழி நாடகத்தில் ‘பாணம்’ என்று ஓரங்க வகை உண்டு. ஒரே நடிகர்தான். கண்ணுக்குத் தெரியாத ஆளைப் பார்த்து “என்ன சொல்கிறாய்?” என்று கேட்பார், அந்த ஆள் சொன்னதைத் தானே திருப்பிச் சொல்வார், பிறகு பதிலும் கொடுப்பார். இதை ஆகாச பாஷிதம் என்பார்கள். தொலைபேசிக் காட்சியும் இதே உத்திதான். தமிழ்ப்படுத்த வேண்டுமானால் ‘வான்மொழி’ என்று சொல்லலாம்.

தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் ‘எச்சம்’ இன்னும் பொருந்தும். சொன்னதோடு நிற்காமல், கேட்பவர் சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு செய்துகொள்ளும்படி விடுவதுதானே எச்சம்? ‘எச்ச உரையாடல்’ என் இரண்டாவது பரிந்துரை.

ரஃபீக்:
ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்கு எங்கள் துறையில் ‘ஒருவழி ஒலி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இணையவழி அழைப்புகளில் அடிக்கடி வரும் கோளாறு. பெரும்பாலும் ரவுட்டரோ ஃபயர்வாலோ ஒரு திசையில் ஒலியைத் தடுத்திருக்கும். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே.

அமுதன்:
ரஃபீக், நான் கேட்டது கோளாறைப் பற்றி இல்லை. பேசுகிற இருவருக்கும் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. பார்வையாளருக்கு மட்டும் ஒரு பக்கம் மறைக்கப்படுகிறது.

கோமதி:
இளங்கோ சொன்ன பாணம் சரியான முன்னோடிதான், ஆனால் அதை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால் மாணவர்கள் தப்பாகக் கற்றுக்கொள்வார்கள். பாணத்தில் எதிராளியின் பேச்சைத் திருப்பிச் சொல்வது அவையும் நடிகரும் ஒப்புக்கொண்ட மரபு. இன்றைய வீட்டுக் காட்சியில் அதே காரியம்தான் முதல் பிழை. பயிற்சிப் பட்டறைக்கு வரும் பிரதிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்:

“என்னது? நான் அடகு வெச்ச அஞ்சு பவுன் ஆரம் வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு வருதா? வட்டி கட்டினா திருப்பி எழுதிக்கலாமா?”

போனில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அவைக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றத்தில் எழுத்தாளர் நடிகர் வாயில் திணித்தது இது. நான் சொல்லிக்கொடுக்கும் வழியை இந்தக் காட்சியை வைத்தே காட்டுகிறேன். வேலு மனைவிக்குத் தெரியாமல் அவள் ஆரத்தை அடகு வைத்திருக்கிறான். மனைவி சாந்தி அடுப்படியில் இருக்கிறாள். அடகுக் கடையிலிருந்து போன் வருகிறது. முதலில் இரண்டு பக்கத்தையும் முழுசாக எழுதிவிட வேண்டும்.

கடை: நகைக்கடன் பிரிவுல இருந்து பேசறோம் சார். நோட்டீஸ் அனுப்பினோம், திரும்பி வந்துடுச்சு.
வேலு: அந்த வீட்டுல இப்ப இல்லீங்க.
கடை: உங்க நகை வெள்ளிக்கிழமை ஏலத்துக்குப் போகுது சார்.
வேலு: இந்த வெள்ளியா?
கடை: ஆமா. வட்டியை மட்டும் கட்டினாக்கூட திருப்பி எழுதிக்கலாம்.
வேலு: எவ்வளவு வருதுங்க?
கடை: பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
வேலு: …சரிங்க. வந்துடறேன்.

இப்போது கடைக்காரர் வரிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சியதை மட்டும் படித்தால் வீடு மாறியிருக்கிறான், வெள்ளிக்கிழமை கெடு, பணம் கேட்கிறார்கள் என்பது வரை தெரிகிறது. அடகும் தெரியவில்லை, ஆரமும் தெரியவில்லை. உடனே அதைப் போனுக்குள் நுழைக்கக் கை பரபரக்கும். நுழைக்கக் கூடாது. போனுக்கு வெளியே வைக்க வேண்டும்.

சாந்தி: (உள்ளிருந்து) யாருங்க?
வேலு: ஆபீஸ்ல. (போனில்) சரி சார், வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு வந்துடறேன். (வைக்கிறான்)
சாந்தி: ஞாயித்துக்கிழமை தங்கச்சி வளைகாப்புக்கு அந்த ஆரத்தைத்தான் போட்டுக்கப் போறேன். லாக்கர்ல இருந்து எடுத்துக் குடுங்க, மறந்துடாதீங்க.

சாந்தியின் அந்த ஒரு வரி வந்ததும் அவை பின்னால் போய் முழு அழைப்பையும் தானே நிரப்பிக்கொள்ளும். ‘அடகு’ என்ற சொல் காட்சியில் எங்குமே வரவில்லை. அதைவிட முக்கியம், ‘மீட்டிங்’ என்ற பொய்யைக் கடைக்காரர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்றுகூட நாம் யோசிக்க ஆரம்பிக்கிறோம். அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் இந்த வகைக் காட்சிக்கு இரட்டை வேலை கிடைக்கிறது. பேசுகிறவர் போனில் இருப்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் மறைக்க வேண்டும்.

திருப்பிச் சொல்வதை முழுசாக விலக்கவும் வேண்டாம். “இந்த வெள்ளியா?” என்று வேலு கேட்டது திருப்பிச் சொன்னதுதான். அதிர்ச்சியில், தேதியோ தொகையோ சரிபார்க்கையில், லைன் சரியில்லாதபோது மனிதர்கள் திருப்பிச் சொல்வார்கள். முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார்கள், ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

மீனா:
கோமதி அக்கா, நான் வானொலி நாடகத்துக்கு எழுதுகிறேன். அடித்துவிட்ட வரி இருந்த இடத்தில் எனக்கு வெறும் மௌனம்தான் மிஞ்சுகிறது. மூன்று, நான்கு விநாடி தாண்டினால் ஒலிபரப்பு நின்றுவிட்டதோ என்று கேட்பவர்கள் நினைப்பார்கள் என்கிறார் தயாரிப்பாளர். அதனால் ‘ம்… ம்ம்… சரி சரி’ என்று நிரப்பிவிடுகிறேன். கடைசியில் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி முனகுகிறது.

கோமதி:
மீனா, இடைவெளியின் நீளத்தை அடித்துவிட்ட வரிதான் தீர்மானிக்க வேண்டும். ஒத்திகையில் அந்த வரிகளை அடிக்காமல் வைத்திருங்கள், ஒருவர் மறைவில் நின்று வாய்விட்டுப் படிக்கட்டும், நடிகர் அதைக் கேட்டுப் பதில் சொல்லட்டும். சில முறை அப்படிச் செய்த பிறகு படிப்பவரை நிறுத்திவிடலாம். நடிகர் காது அந்த நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிச் செய்யாத இடங்களில் நடிகர் அவசரப்படுவதை எளிதில் கண்டுபிடிக்கலாம். எதிராளி ‘ஹலோ’ சொல்லக்கூட நேரம் இருந்திருக்காது, இவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி முடித்திருப்பார்.

வானொலியில் நீங்கள் மௌனத்தை முனகலால் நிரப்புவதைவிட அறையின் சத்தத்தை விடுங்கள். மிக்சி ஓடட்டும், குக்கர் விசில் வரட்டும், வேலு கதவைச் சாத்தட்டும். நீளமான தகவலை எதிராளி சொல்ல வேண்டியிருந்தால் அதை வேலு நடுவிலேயே வெட்டட்டும். “இல்ல, நான் சொல்றதக் கேளுங்க” என்று அவன் குறுக்கிட்டால் இடைவெளியும் குறையும், அங்கே ஒருவர் விடாமல் பேசுகிறார் என்பதும் புரியும்.

இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள், அமுதன். எதிராளி யார் என்பதைச் சொல்ல தமிழ் நமக்கு வெகு சுலபமான வழி கொடுத்திருக்கிறது. ‘சொல்லுங்க’, ‘சொல்லுடி’, ‘சொல்லு மாப்ள’ என்று எடுத்தவுடனேயே வயதும் உறவும் பாதி தெரிந்துவிடும். ‘நாங்க வீடு மாத்திட்டோம்’ என்றால் எதிராளி அந்த வீட்டு ஆள் இல்லை. ‘நம்ம வீட்டை மாத்திட்டோம்’ என்றால் சொந்தக்காரர். நடுவில் ‘நீங்க’ ‘நீ’ ஆனால் அங்கே ஏதோ நடந்துவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு “ஹலோ, ஈரோட்டு மாமாவா?” என்று எழுதுவது வீண்.

சொல்லைப் பொறுத்தவரை, எச்சம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது அடித்துவிட்ட வரிக்கான பெயர். முழுப் பேச்சுக்கு ‘ஒருமுனை உரையாடல்’ என்பேன். ‘மறுமுனையில் இருந்தவர்’ என்று பத்திரிகையே எழுதுகிறது, எவரும் விளக்கம் கேட்பதில்லை.

ரஃபீக்:
இப்போது புரிந்தது. ஆனால் ‘ஒருமுனை’ என்றால் எங்களுக்கு மின்சாரம்தான் ஞாபகம் வரும். மோட்டார் போட்டவர்களுக்கு மும்முனை, வீட்டுக்கு ஒருமுனை.

இளங்கோ:
பாணத்தின் மரபைப் பற்றி கோமதி சொன்னதை ஏற்கிறேன், ‘வான்மொழி’யை விட்டுவிடுகிறேன். ஆனாலும் ‘பாதி’ வேண்டாம் என்பது என் கருத்து. பாரிஸில் 1930-இல் மேடையேறிய ழான் கொக்தோவின் ‘மனிதக் குரல்’ நாடகத்தில் மேடையில் ஒரே பெண்தான், விட்டுப்போகும் காதலனோடு கடைசிவரை போனில் பேசுகிறாள். நாம் கேட்பது பாதி என்று அங்கே சொல்லவே முடியாது. நடுவில் லைன் அறுந்துபோகிறது. இவளே அவன் வீட்டுக்குத் திரும்ப அழைக்கிறாள். வேலையாள் எடுக்கிறார், அவன் வீட்டில் இல்லை. வீட்டிலிருந்துதான் பேசுகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று அவளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அவன் குரலை ஒரு சொல்கூடக் கேட்காமலேயே அவன் பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறோம்.

கோமதி:
அந்த இடம் அருமையான உதாரணம், இளங்கோ. லைன் அறுவது அங்கே தொழில்நுட்பக் கோளாறாக நிற்காமல் கதையைத் திருப்புகிறது.

அமுதன்:
கையேட்டில் இப்போதைக்கு ‘ஒருமுனை உரையாடல்’ என்றும், அடித்துவிட்ட வரிகளுக்கு ‘எச்ச வரி’ என்றும் போடுகிறேன். மின்சாரக் குழப்பம் நாடகப் பட்டறையில் வராது என்று நம்புகிறேன். ரஃபீக் மன்னிக்கவும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சில இயக்குநர்கள் எதிராளி குரலைச் சொல் புரியாத கொணகொணப்பாக ஒலிக்க விடுகிறார்கள். கோபமா கெஞ்சலா என்பது மட்டும் தெரியும். கார்னெல் ஆய்விலும் சொல் புரியாதபடி வடிகட்டிய ஒலியைத் தனியாகச் சோதித்தார்கள், அப்போது கவனம் சிதறவில்லை. அங்கே வடிகட்டியது கேட்ட பக்கத்தின் பேச்சை. மேடையில் கேட்காத பக்கம்தான் கொணகொணக்கிறது, நடிகர் பேச்சு தெளிவாகவே இருக்கிறது. இதையும் ஒருமுனையில் சேர்ப்பதா, தனிப்பெயர் வேண்டுமா?

மீனா:
தனிப்பெயர் வேண்டும். வானொலியில் நான் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன், எழுதும் முறையும் வேறு. கோபம் ஏற்கெனவே கேட்டுவிடுவதால் ‘ஏன் சார் கத்தறீங்க’ என்ற வரி தேவைப்படாது.

கோமதி:
எனக்கு அது ஒருமுனையாகவே படுகிறது, மீனா. எச்ச வரியை எழுதித்தான் ஆக வேண்டும், அடித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த வாரம் உங்கள் பிரதி ஒன்றை அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.