ஆயுள் சந்தாவை வருமானத்தில் போட்டு மாட்டிக்கொண்டோம்: புதிதாக வரும் பொருளாளருக்கு

பழைய பேரேடு:

எனக்கு அடுத்து பொருளாளராக வருபவருக்கு எழுதி வைத்த குறிப்பு இது. உங்களுக்கும் உதவலாம்.

எங்கள் சங்கத்தில் ஆண்டுச் சந்தா 400, ஆயுள் கட்டணம் 6,000. நான் பொறுப்பேற்ற முதல் வருடம் பத்துப் பேர் ஆயுள் உறுப்பினர் ஆனார்கள். வந்த 60,000 மொத்தத்தையும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்த்துவிட்டேன். உபரி பெரிதாகத் தெரிந்தது. கமிட்டி குஷியாகிப் புது நாற்காலிகள் வாங்கியது. அடுத்த வருடம் பற்றாக்குறை. காரணம் எளிது: அதுவரை வருடா வருடம் 400 கொடுத்து வந்த பத்துப் பேரும் இனிமேல் எதுவும் தர மாட்டார்கள், ஆனால் கூட்டத்துக்கு வருவார்கள், பத்திரிகை போகும், தேநீரும் குடிப்பார்கள்.

இப்போது செய்வது இதுதான். 6,000-ஐ 400-ஆல் வகுத்தால் 15 வருடம். அதைக் கமிட்டித் தீர்மானமாகவே எழுதிக்கொண்டோம். பணம் வந்ததும் ஆயுள் உறுப்பினர் நிதி என்ற தலைப்பில் பொறுப்புப் பக்கம் போகும். அதிலிருந்து ஆளுக்கு 400 வீதம், பத்துப் பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 வருமானத்துக்கு மாற்றுகிறேன். இதற்குத் தனிப் பதிவேடு உண்டு: பெயர், ரசீது எண், தேதி, இதுவரை மாற்றியது, மீதி. பதிவேட்டின் மீதிகளைக் கூட்டினால் நிதியின் இருப்போடு ஒத்துப்போக வேண்டும்.

முன்பணச் சந்தா இன்னும் சுலபம். ஆனால் தவறு அதிகம் நடப்பதும் அங்கேதான். ஆண்டு முடியும் மாதத்தில் கொடுப்பவர்களில் பாதிப்பேர் அடுத்த வருடத்துக்கே கொடுக்கிறார்கள். ரசீதில் 'எந்த ஆண்டுக்கு' என்று எழுதாவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது. போன ஆண்டு கையில் வந்த சந்தா 96,000. அதில் பழைய பாக்கி 4,800, அடுத்த ஆண்டுக்கு வந்தது 16,000. இரண்டையும் கழித்தேன். முந்தின ஆண்டே முன்பணமாக வந்திருந்த 10,000-ஐயும், இன்னும் வர வேண்டிய 3,200-ஐயும் கூட்டினேன். 88,400. சரியா என்று எப்படித் தெரியும்? உறுப்பினர் பட்டியலில் ஆண்டுச் சந்தாக்காரர்களை எண்ணினேன், 221 பேர். 221-ஐ 400-ஆல் பெருக்கினால் அதே 88,400. ஒரு 400 இடித்தாலும் யாரோ ஒருவர் தவறான வருடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூத்த உறுப்பினர்:

எங்கள் சங்கத்தில் 30 வருடமாக ஆயுள் கட்டணத்தைத் தொட்டதே இல்லை. அது மூலதன வரவு, வட்டியை மட்டும்தான் எடுக்க வேண்டும். நீங்கள் செய்வது தப்பு.

கணக்குப் பார்க்கிறவள்:

பாதி சரி ஐயா. விதியில் 'நிரந்தர நிதி' என்று இருந்தால் நீங்கள் சொல்வதுதான் முறை, வருமானத்துக்கு மாற்றக் கூடாது. விதி ஒன்றும் சொல்லாதபோது இரண்டு வழியிலும் எழுதும் சங்கங்களை ஆடிட் செய்திருக்கிறேன். இந்த வருடம் ஒரு வழி, அடுத்த வருடம் இன்னொரு வழி என்று மாற்றுவதுதான் ஆகாது.

நான் இன்னொன்றையும் பார்ப்பேன். நிதியில் 56,000 இருப்பதாகக் கணக்கு சொல்லும். வங்கியில் பார்த்தால் 9,000 இருக்கும். எழுதியது தவறில்லை, ஆனால் பணம் நாற்காலியாகிவிட்டது! ஆயுள் கட்டணத்தைத் தனி வைப்பில் போட்டு வையுங்கள்.

ஊர் மாறியவன்:

நானும் ஒரு சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டி 5 வருடம் ஆகிறது. இப்போது வேறு ஊர். 15 வருடக் கணக்கு என்றால் மீதி 10 வருடப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பழைய பேரேடு:

இல்லை தம்பி. 15 என்பது வருமானத்தைப் பிரித்துக் காட்ட நாங்கள் வைத்த கணக்கு, உங்களுக்குத் தர வேண்டிய கடன் அல்ல. திருப்பித் தருவார்களா என்பதை உங்கள் சங்க விதியில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, 15 வருடம் முடிந்தாலும் உறுப்பினர் உறுப்பினர்தான். பதிவேட்டில் மீதி பூஜ்யம் என்பதற்காகப் பெயரை அடித்துவிடாதீர்கள். ஒரு முறை அப்படி அடித்து, பொதுக்குழுவில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூத்த உறுப்பினர்:

சரி, ஐந்தாவது வருடம் ஒருவர் இறந்துவிட்டால்? அந்த மீதி 4,000 எங்கே போகும்?

கணக்குப் பார்க்கிறவள்:

அந்த ஆண்டு வருமானத்தில் எடுப்பவர்கள் உண்டு, நேராகப் பொது நிதிக்கு மாற்றுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒருவர் போன வருடம் உபரி கூடியதாகக் காட்டுவது என்னமோ போல இருக்கிறது.

பழைய பேரேடு:

நாங்கள் வருமானத்தில்தான் எடுக்கிறோம். இதை அடுத்த கமிட்டியில் வைத்துப் பேச வேண்டும்.