வாரம் 5 பாடவேளைதான், ஆனால் ஒரு பிரிவு மட்டும் ஏன் பின்தங்குகிறது? ஆண்டுக் கற்பித்தல் நேரத்தைக் கணக்கிட உதவி தேவை

வெள்ளைப்பலகை

ஒரே வகுப்பின் அ, ஆ இரண்டு பிரிவுகளுக்கும் நான்தான் இயற்பியல் எடுக்கிறேன். இரண்டுக்கும் வாரம் 5 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். நாட்காட்டியில் 210 வேலை நாள், அதாவது 42 வாரம். 42 × 5 = 210 பாடவேளை, 140 மணி நேரம். பாடத்திட்டம் 120 மணி கேட்கிறது. 20 மணி மிச்சம் என்று நினைத்துத்தான் ஆண்டுத் திட்டம் போட்டேன்.

இப்போது பாதி ஆண்டு ஓடிவிட்டது. மிச்சம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அ பிரிவு ஆ பிரிவை விட இரண்டு பாடவேளை பின்னால் இருக்கிறது. ஆசிரியர் ஒருவரே, நடத்தும் முறையும் ஒன்றுதான். என் கணக்கில் எங்கே ஓட்டை?

காலாண்டு

வேலை நாள் என்பது பள்ளி திறந்திருக்கும் நாள். தேர்வு நாளும் அதில் அடக்கம். அதைக் கழித்தீர்களா? தேர்வு 24 நாள் என்றால் மிச்சம் 186. வாரத்துக்கு 5 நாள், 5 பாடவேளை, ஆக 186 பாடவேளை, 124 மணி. 120-க்கு இன்னும் போதும். இரண்டு பிரிவுக்கும் ஒரே எண்தான் வருகிறது. அதனால் வித்தியாசம் மாணவர்கள் புரிந்துகொள்ளும் வேகத்தில் இருக்கும்.

மணியோசை

தேர்வைக் கழிக்கச் சொன்னது சரி. ஆனால் 186 நாளும் ஐந்து கிழமைக்கும் சமமாகப் பிரியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கால அட்டவணை போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிச் சமமாகப் பிரிந்த ஆண்டை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளைப்பலகை, உங்கள் இரட்டைப் பாடவேளை எந்தக் கிழமை? இரண்டு பிரிவுக்கும் கிழமைவாரியாகச் சொல்லுங்கள்.

வெள்ளைப்பலகை

அ பிரிவு: திங்கள் 2 (ஆய்வகம்), புதன், வியாழன், வெள்ளி தலா 1.
ஆ பிரிவு: செவ்வாய் 2 (ஆய்வகம்), புதன், வியாழன், வெள்ளி தலா 1.

தேர்வு 24 நாள் சரிதான். விளையாட்டு விழா, ஆண்டு விழா, சுற்றுலா என்று வகுப்பே நடக்காத நாள் இன்னும் 8 இருக்கிறது.

மணியோசை

ஓட்டை திங்கட்கிழமையில்தான் இருக்கும். நீண்ட வார இறுதிக்காக விடுமுறையைத் திங்களில் சேர்ப்பார்கள், தேர்வையும் திங்களில் தொடங்குவார்கள். மொத்த நாளை விட்டுவிட்டு ஒவ்வொரு கிழமையையும் தனியாக எண்ணுங்கள். எக்செலில் ஒரு வரிதான்:

```
=NETWORKDAYS.INTL(B1,B2,"0111111",D2:D120)
```

B1 பள்ளி தொடங்கும் நாள், B2 முடியும் நாள். D-யில் வகுப்பு நடக்காத எல்லாத் தேதியையும் எழுதுங்கள்: விடுமுறை, தேர்வு, விழா எல்லாம். பெரிய விடுமுறையானாலும் ஒவ்வொரு தேதியாகத்தான் எழுத வேண்டும். அந்த ஏழு இலக்கம் திங்கள் முதல் ஞாயிறு வரை. 0 இருக்கும் கிழமையை மட்டும் எண்ணும். செவ்வாய்க்கு "1011111", இப்படியே நகர்த்திக்கொண்டு போகலாம்.

இதில் ஒரு வசதி, ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த விடுமுறையை இரண்டு தடவை கழிக்காது. 365-இலிருந்து சனி, ஞாயிறு போக, அப்புறம் விடுமுறைப் பட்டியல் முழுவதும் போக என்று கையால் கழிக்கிறவர்கள் வழுக்கும் இடம் அதுதான்.

ஈடுசெய்யும் சனிக்கிழமை ஏதும் வைத்திருந்தால் இந்த வரிக்கு அது தெரியாது. அன்று எந்தக் கிழமையின் அட்டவணை ஓடியதோ அந்தக் கிழமைக் கணக்கில் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

தாழ்வாரம்

இதே சிக்கல் எங்கள் வீட்டிலும். மகளுக்கு வருகை நாள் குறைகிறது என்று பள்ளியில் எச்சரிக்கிறார்கள். தேர்வு நாளைக் கழித்துவிட்டால் அவள் சதவீதம் ஏறும்தானே?

மணியோசை

அது வேறு கணக்குங்க. வருகைப்பதிவுக்குப் பெரும்பாலும் பள்ளி இயங்கிய நாள்தான் அடிப்படை, தேர்வு நாளும் சேரும். தேர்வுக்கு அவள் தவறாமல் வந்திருந்தால் அந்த நாட்களைக் கழிப்பது நஷ்டம்தான்.

வெள்ளைப்பலகை

எண்ணிவிட்டேன். திங்கள் 30, செவ்வாய் 37, புதன் 38, வியாழன் 37, வெள்ளி 36. மொத்தம் 178.

அ: 60 + 38 + 37 + 36 = 171 பாடவேளை, 114 மணி.
ஆ: 74 + 38 + 37 + 36 = 185 பாடவேளை, 123 மணி 20 நிமிடம்.

ஒரே "வாரம் 5", ஆனால் ஆண்டு முடிவில் 14 பாடவேளை வித்தியாசம்! இப்போதைய இரண்டு பாடவேளை எங்கே போனது என்று புரிந்துவிட்டது. மீதி ஆண்டுக்கு இரண்டு பிரிவின் ஆய்வக நாளையும் மாற்றிக்கொள்ளலாமா?

காலாண்டு

சரி, கிழமை விஷயத்தை நான் யோசிக்கவில்லை. மாற்றிவிடுங்கள், நியாயமாக இருக்கும்.

மணியோசை

அவசரப்படாதீர்கள். இனி எத்தனை திங்கள், எத்தனை செவ்வாய் மிச்சம்?

வெள்ளைப்பலகை

திங்கள் 13, செவ்வாய் 19.

மணியோசை

அப்படியானால் முழுதாக மாற்றினால் அ-வுக்கு 2 × 6 = 12 பாடவேளை கூடும், ஆ-வுக்கு அதே 12 குறையும். அ 183, ஆ 173. ஆ பிரிவு 115 மணி 20 நிமிடத்தில் நிற்கும். பள்ளத்தை இங்கிருந்து அங்கே தள்ளியதுதான் மிச்சம்.

வாரம் விட்டு வாரம் மாற்றினால் ஏறக்குறைய பாதிதான் நகரும்: அ 177, ஆ 179 பக்கம் வரும். 118 மணி, 119 மணி 20 நிமிடம். அ-வுக்கு மூன்று பாடவேளை, ஆ-வுக்கு ஒன்று தேடிப் பிடித்தால் போதும். ஆசிரியர் வராத வகுப்புகளைக் கேட்டு வாங்கினாலே கிடைத்துவிடும். ஆய்வகத்துக்கு இரட்டைப் பாடவேளையும் உடையாது.

நிழற்குடை

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. எங்கள் கல்லூரியில் கிழமை அட்டவணையே கிடையாது, டே ஆர்டர்தான். திங்கள் விடுமுறை என்றால் திங்களுக்குரிய முதல் நாள் அட்டவணை செவ்வாயன்று ஓடும். எந்தப் பாடமும் தனியாக அடிபடாது.

மணியோசை

நல்ல முறைதான். ஆனால் பகுதிநேர ஆசிரியர் குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வருகிற பள்ளியில் அது ஓடாது. இன்னொன்று, இன்று எந்த ஆர்டர் என்று தெரியாமல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தை மாற்றி எடுத்து வரும். எங்களிடம் ஒரு பருவத்திலேயே கைவிட்டுவிட்டோம்.

நிழற்குடை

அது சரி. ஒரு சந்தேகம்: பாடத்திட்டத்தில் 120 மணி என்பது 60 நிமிட மணியா, பாடவேளையா? எங்கள் பக்கம் "ஹவர்" என்றாலே ஒரு பாடவேளைதான். அப்படிப் பார்த்தால் அ பிரிவுக்கே 51 பாடவேளை உபரி இருக்கிறதே.

வெள்ளைப்பலகை

பாடத்திட்டத்தில் "மணி" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, நிமிடம் எங்கும் இல்லை. பாட அளவைப் பார்த்தால் 120 பாடவேளையில் முடிக்கவே முடியாது, அதனால் 60 நிமிடம் என்றே வைத்துக்கொள்கிறேன். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வாரம் விட்டு வாரம் மாற்றுவதற்கு ஆய்வக உதவியாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் அதே செவ்வாயில் வேதியியல் ஆசிரியரும் ஆய்வகம் கேட்கிறார். அவரிடம் நாளை பேச வேண்டும்.