விண்மீன் ஒளி அளவுக்கு 'ஒளித்தரம்' பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்: தொடக்கநிலை வானியல் கையேட்டின் மெய்ப்பு இவ்வாரம் அச்சுக்குப் போகிறது. 'மேக்னிடியூட்' என்பதைப் 'பருமன்' என்று எழுதியிருக்கிறேன். எண் குறையக் குறைய விண்மீன் பொலிவு கூடுகிறது. பருமன் என்றால் எதிர்மாறாகத் தோன்றுகிறதே, மாற்றலாமா?

ஆசிரியை: மாற்றியே ஆக வேண்டும். என் வகுப்பில் 'பருமன்' என்றதும் விண்மீனின் உடல் அளவையே நினைக்கிறார்கள். எண் கூடினால் ஒளி மங்குவதால் 'மங்கலெண்' என்றே சொல்லிவிடலாம்.

புலவர்: அம்மா, அதை மங்கலம் சார்ந்த எண் என்று படிப்பார்கள். மங்கலத்தோடு எண் புணர்ந்தால் வகர உடம்படுமெய் பெற்று 'மங்கலவெண்' ஆகும் என்பது நமக்குத் தெரியும். படிப்பவர் அவ்வளவு நிதானிப்பாரா? 'ஒளித்தரம்' போதும். பண்டைய கிரேக்க வானியல் அறிஞர் தாலமியின் விண்மீன் பட்டியலில் மிகப் பொலிவானவை முதல் தரம், கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் தரம். வரிசையில் முதலிடம் பெற்றவருக்கு எண் சிறியதாக இருப்பது போலத்தான் இதுவும். ஒவ்வொரு தரமும் அடுத்ததைப் போல் இருமடங்கு ஒளி உடையது.

வானியலர்: ஐயா, வரிசைக் காரணம் சரி, இருமடங்கு என்பது சரியன்று. 1856இல் ஆங்கில வானியல் அறிஞர் போக்சன், ஐந்து தரங்களின் இடைவெளியைச் சரியாக நூறு மடங்காக வரையறுக்கலாம் என்றார். அதனால் ஒரு தரத்துக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் அவரே. துருவ விண்மீன் 1.98, சிரியஸ் −1.46 என்று கொண்டால் வேறுபாடு 3.44. 2.512ஐ 3.44 என்ற அடுக்குக்கு உயர்த்தினால், சிரியஸ் நம் கண்ணுக்குச் சுமார் 24 மடங்கு பொலிவாகத் தெரிகிறது என்று கிடைக்கும். பழைய முதல் தரத்துக்குள் பொலிவில் மிக வேறுபட்டவையும் அடங்கியிருந்தன. அளவுகோல் துல்லியமானபோது அவற்றுள் மிகப் பொலிவானவை பூச்சியத்தையும் தாண்டிக் குறை எண்ணுக்குப் போயின.

ஆசிரியை: அப்படியானால் 1 என்ற எண்ணுடைய இரு விண்மீன்கள் நெருங்கி ஒன்றாகத் தெரிந்தால் 2 ஆகுமா? ஒரு மாணவி கேட்டாள், என்னால் விளக்க முடியவில்லை.

வானியலர்: ஆகாது. எண்களைக் கூட்டாமல் ஒளியைக் கூட்ட வேண்டும். ஒளி இரட்டித்தால் எண் 0.75 அளவு குறையும், எனவே 0.25. எண் பெருக்கத்தின் அடுக்கைக் குறிப்பதால்தான் இப்படி. இந்தக் காரணத்தாலேயே எனக்குத் 'தரம்' உறுத்துகிறது. 1.98ஆம் தரம் என்றோ, குறை ஒன்றரைத் தரம் என்றோ எப்படிச் சொல்வது? 'பொலிவெண்' என்றால் பின்னமும் குறையெண்ணும் இயல்பாக அமரும்.

புலவர்: பொலிவெண் கூடினால் பொலிவு கூடும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? மொழிபெயர்ப்பாளர் தொடங்கிய இடத்துக்கே அது நம்மைத் திருப்புகிறது.

மொழிபெயர்ப்பாளர்: நால்வரில் இருவர் 'ஒளித்தரம்' என்பதை ஏற்கிறோம். கையேட்டில் அதையே இடுகிறேன். பின்னம் வருமிடங்களில் 'ஒளித்தர எண் 1.98' என்று எழுதிவிடுகிறேன்.

ஆசிரியை: நான் வகுப்பில் 'மங்கலெண்' என்றே சொல்வேன், எண் ஏறினால் மங்கும் என்று பிள்ளைகள் கேட்டவுடன் பிடித்துக்கொள்கிறார்கள்.