கல்விக்கடன்: மாரட்டோரியம் முடியும் முன் சேர்ந்த வட்டியைக் கட்டிவிடலாமா?

தேன்மொழி

தம்பியின் பொறியியல் படிப்புக்கு அப்பாவும் அவனும் சேர்ந்து எடுத்த கடன் 8 லட்சம். ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் 2 லட்சமாக நான்கு தடவை கல்லூரிக்குப் போனது. வட்டி 10 சதவீதம். படிப்பு நான்கு வருடம், அதன் பிறகு ஒரு வருடம் என்று மாரட்டோரியம் ஐந்து வருடம். இதுவரை ஒரு ரூபாய் கூடக் கட்டவில்லை. இன்னும் நான்கு மாதத்தில் தவணை தொடங்குகிறது. கிளையில் கேட்டால் "அசல் 10 லட்சத்து 80 ஆயிரம் ஆகும், பத்து வருடத்துக்கு மாதம் 14,272" என்கிறார்கள். வாங்கியது 8 லட்சம்தானே? கையில் 1.5 லட்சம் இருக்கிறது. இப்போதே கட்டலாமா, தவணை தொடங்கிய பிறகு கட்டலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜவேல்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? முதல் மாதத்திலிருந்தே வட்டியைக் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டி குட்டி போடும். என் மகள் கடனுக்கு முதல் வருடம் மாதம் 1,667, அடுத்த வருடம் 3,333 என்று கட்டிக்கொண்டே வந்தோம். தவணை தொடங்கும்போது அசல் வாங்கிய அளவிலேயே நின்றது. உங்களுக்கு ஐந்து வருடத்து வட்டிக்கு வட்டி ஏறிவிட்டது.

கிளைக்காரர்

ராஜவேல் சார் சொல்வதில் பாதிதான் சரி. கடன் பிரிவில் நிறைய கணக்குகளைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 2.8 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நான்கு தடவை போன பணமும் ஒரே காலத்துக்கு வட்டி சுமக்கவில்லை. முதல் 2 லட்சம் ஐந்து வருடம் நின்றது, அதற்கு வட்டி 1 லட்சம். இரண்டாவது நான்கு வருடம், 80 ஆயிரம். மூன்றாவதற்கு 60, நான்காவதற்கு 40. கூட்டினால் 2 லட்சத்து 80 ஆயிரம். இது தனிவட்டிக் கணக்கு. கிளை சொன்ன 10.80 லட்சம் இதோடு அப்படியே பொருந்துகிறது. ஆக, இதுவரை வட்டிக்கு வட்டி போடவில்லை என்று தெரிகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமும் தவணை தொடங்கும் வரை தனிவட்டி என்றுதான் சொல்கிறது. மாதாமாதம் கூட்டுவட்டி போட்டிருந்தால் இதே கடன் சுமார் 11.40 லட்சமாகியிருக்கும். 60 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

வட்டி குட்டி போட ஆரம்பிப்பது தவணை தொடங்கும் அன்றுதான். அன்று 2.8 லட்சம் வட்டி என்ற பெயரை விட்டு அசலாகிவிடும். 8 லட்சத்துக்கு மட்டும் தவணை என்றால் மாதம் 10,572. இப்போது 14,272. வித்தியாசம் 3,700, அதைப் பத்து வருடம் கட்டினால் 4.44 லட்சம். 2.8 லட்ச வட்டிக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை இதுதான்.

ராஜவேல்

அப்படியென்றால் நான் மாதாமாதம் கட்டியதில் லாபமே இல்லையா?

கிளைக்காரர்

உங்கள் சாங்ஷன் லெட்டரில் வட்டிச் சலுகை இருந்தால் லாபம். மாரட்டோரியம் முழுக்க வட்டியைக் கட்டிவந்தால் 1 சதவீதம் குறைக்கலாம் என்று அந்த மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. தேன்மொழியின் கணக்கில் அந்த 1 சதவீதம் ஐந்து வருடத்தில் 28 ஆயிரம்.

சலுகை இல்லாமல் தனிவட்டி மட்டும் என்றால், முதல் வருடத்து வட்டியை அப்போதே கட்டினாலும் தவணைக்கு முந்தைய நாள் கட்டினாலும் தொகை ஒன்றுதான், ஏனென்றால் அந்த வட்டிக்கு வட்டி இல்லை. அதுவரை பணம் உங்கள் டெபாசிட்டில் கிடந்தால் அதன் வட்டி உங்களுக்கு. கட்டுகிற பணம் வட்டிக்கு அல்லாமல் அசலுக்குப் போனால் கதை வேறு. ஆனால் சாதாரணமாக முதலில் வட்டியைத்தான் கழிப்பார்கள்.

மாலா சுந்தர்

அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும், கவனியுங்கள். எங்கள் கிளையில், வட்டி பற்று வைக்கும் மாதத்திலேயே கட்ட வேண்டும், ஒரு மாதம் தவறினாலும் சலுகை போய்விடும் என்றார்கள். இரண்டு மாதம் சேர்த்துக் கட்டினேன், சலுகை நின்றுவிட்டது. திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இப்படி நின்றதை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

செல்வகணபதி

மாரட்டோரியம் வட்டி பற்றியா? 2020-இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தவணையை நிறுத்தி வைக்க அனுமதித்ததே, அதில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே வங்கிக் கணக்கில் போட்டது. 2 கோடி வரை உள்ள கடன்களுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள்.

கிளைக்காரர்

அது கோவிட் காலத்து மாரட்டோரியம், செல்வகணபதி அண்ணா. அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் வந்தது. இவர் கேட்பது படிப்புக் கால விடுப்பு. பெயர்தான் ஒன்று.

நித்யா

தனிவட்டிதானா என்பதை மொத்தத் தொகையை வைத்து மட்டும் நம்ப வேண்டாம். தனியார் நிதி நிறுவனக் கடன் என்றால் கட்டாயம் சரிபாருங்கள். ஸ்டேட்மென்டை வாங்கி, புதிதாகப் பணம் போகாத, வட்டி விகிதம் மாறாத இரண்டு மாதங்களை அடுத்தடுத்து எடுங்கள். உதாரணமாக அசல் 2 லட்சம், வட்டி 10 சதவீதம். 30 நாள் மாதத்துக்கு வட்டி 1,643.84. அடுத்து 31 நாள் மாதம் என்றால் 1,698.63 வர வேண்டும். 1,712.59 என்று இருந்தால் போன மாத வட்டியையும் சேர்த்து வட்டி போட்டிருக்கிறார்கள். 14 ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது, அறுபது மாதத்தில் அதுதான் கிளைக்காரர் சொன்ன 60 ஆயிரமாகிறது. கணக்கு இதுதான்:

அசல் × விகிதம் × நாட்கள் ÷ 36,500

விகிதத்தை 10 என்றே போடுங்கள், 0.10 வேண்டாம். மிதக்கும் வட்டி என்றால் ரெப்போ மாறிய பிறகு சில மாதங்களில் விகிதமும் மாறியிருக்கும், அந்த மாதங்களை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, தவணை தொடங்கும் தேதி. படிப்பு முடியும் தேதியைக் கணினியில் தவறாக ஏற்றினால் தவணை முன்னதாகவே ஓட ஆரம்பிக்கும். பணம் கட்டாததால் கணக்கு நிலுவைக்குப் போய், பையனின் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். சாங்ஷன் லெட்டரில் உள்ள தேதியையும் கணக்கில் உள்ள தேதியையும் ஒப்பிடுங்கள்.

தேன்மொழி

பார்த்தேன். தேதி சரியாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டும் பார்த்தேன், தனிவட்டிதான். இனி என் 1.5 லட்சத்துக்கு வாருங்கள். முன்பா, பின்பா?

கிளைக்காரர்

முன்பு கட்டினால் சேர்ந்த வட்டியில் 1.5 லட்சம் குறைந்து, புது அசல் 9.30 லட்சமாகும். தவணை 12,290. மாதம் 1,982 மிச்சம். தவணை தொடங்கிய மறுநாள் கட்டினாலும் அசல் அதே 9.30 லட்சத்துக்குத்தான் இறங்கும். வட்டிக் கணக்கில் ஒரே முடிவுதான்.

சிக்கல் பணம் எந்தத் தலைப்பில் வரவாகிறது என்பதில். தவணை தொடங்கிய கணக்கில் சும்மா பணத்தைப் போட்டால், வருகிற தவணைகளுக்கு முன்பணமாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அப்போது சில மாதங்களுக்கு "தவணை பாக்கி இல்லை" என்று மட்டும் காட்டும். அட்டவணை மாறாது. எனவே பின்பு கட்டுவதாக இருந்தால், பணம் போட்ட அன்றே பார்ட் பேமென்ட் என்று கடிதம் கொடுத்து, புதுத் தவணை அட்டவணையைக் கையில் வாங்குங்கள். அட்டவணை மாறவில்லை என்றால் பணம் அசலில் போகவில்லை.

அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா? தவணையை 14,272 ஆகவே விட்டால் கடன் 120 மாதத்துக்குப் பதில் 95 மாதத்தில் தீரும். மொத்தம் சுமார் 13.47 லட்சம் கட்டுவீர்கள். தவணையை 12,290 ஆகக் குறைத்தால் மொத்தம் 14.75 லட்சம். தம்பிக்கு வேலை உறுதி என்றால் முதலாவது. வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால் தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு கூடுதலாகக் கட்ட யாரும் தடுக்க மாட்டார்கள்.

நானாக இருந்தால் முன்பே கட்டிவிடுவேன். வட்டியாகவே வரவாகும், கடிதம் எழுதும் வேலையும் இல்லை.

மாலா சுந்தர்

முன்பு கட்டச் சொல்ல வருமான வரியும் ஒரு காரணம். 80E கழிவு வட்டிக்கு மட்டும்தான், அசலுக்குக் கிடையாது. 1.5 லட்சத்தை இப்போது கட்டினால் அது வட்டி என்றே சான்றிதழில் வரும். அசலில் சேர்ந்த பிறகு கட்டினால் அசல் திருப்பம் என்று போட்டுவிடுவார்கள். உங்கள் அப்பா பழைய வரி முறையில் இருந்தால் அதில் கழிவு எடுக்கலாம். புதிய முறையில் அந்தக் கழிவே இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் கழிவு எட்டு வருடத்துக்குத்தான், வட்டி கட்ட ஆரம்பித்த வருடத்திலிருந்து எண்ணுவார்கள்.

ராஜவேல்

அப்போது படிக்கிற காலத்திலேயே கட்டிய எனக்கு எட்டில் பாதி போய்விட்டதா?

மாலா சுந்தர்

போனது போனதுதான் சார். கட்டிய வருடங்களில் கழிவு எடுத்தீர்களா?

ராஜவேல்

இல்லை. யாரும் சொல்லவில்லை.

நித்யா

தேன்மொழி, ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். கடன் எடுத்தபோது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்ததா? இருந்தால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. மாரட்டோரியக் கால வட்டியை அதுதான் ஏற்கும். விண்ணப்பித்தும் பணம் தாமதமாக வருவது வழக்கம். மானியம் வருவதற்குள் வட்டியை அசலில் சேர்த்துவிட்டால், வந்த பிறகு தவணையைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும், தானாக மாறும் என்று இருக்காதீர்கள். 1.5 லட்சத்தைக் கட்டும் முன் இதைக் கிளையில் விசாரியுங்கள்.

தேன்மொழி

அப்பாவின் வருமானம் அப்போது 4.5-க்குக் கொஞ்சம் மேலே. வருமானச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்க்கிறேன். 80E பற்றி இன்னொரு சந்தேகம் அக்கா: கட்டாமல் விடும் மீதி 1.3 லட்சம் அசலில் சேர்ந்துவிடும் அல்லவா, அதைத் தவணையாகக் கட்டும்போது வட்டி என்று கழிவு எடுக்க முடியாதா? உண்மையில் அது வட்டிதானே?

மாலா சுந்தர்

நியாயமான கேள்வி. ஆனால் வங்கிச் சான்றிதழில் அந்தப் பகுதி அசலாகத்தான் நிற்கும். என் ஆடிட்டர் எடுக்க வேண்டாம் என்றார், அலுவலகத்தில் ஒருவருடைய ஆடிட்டர் எடுக்கலாம் என்று எடுத்திருக்கிறார். கிளைக்காரர், வங்கித் தரப்பில் சான்றிதழில் இதைத் தனியாகக் காட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

கிளைக்காரர்

தானாக வரும் சான்றிதழில் இல்லை. எழுதிக் கேட்டவருக்கு, அசலில் சேர்த்த வட்டி இவ்வளவு, சேர்த்த தேதி இது என்று தனிக் கடிதம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வருமான வரித் துறை அதை ஏற்றதா என்று அவர் திரும்பி வந்து சொல்லவில்லை.