படுக்கவைத்துக் கொண்டுவந்த ஃப்ரிட்ஜை எத்தனை மணி நேரம் கழித்துப் போடலாம்?

பள்ளத்தூர் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்கு இன்று குடிவந்தோம். சாமான்களை ஏற்றி வந்த சின்ன யானையின் மேல்கட்டு உயரம் குறைவாக இருந்ததால், நாங்கள் அங்கு இல்லாத நேரத்தில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை முதுகுப்புறம் கீழே இருக்குமாறு படுக்கவைத்து ஏற்றிவிட்டார்கள். புதுக்கோட்டை, திருமயம் வழியாக வந்து இறக்கும்வரை கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் அது படுத்தே இருந்தது. மாலை நான்கு மணிக்கு இறக்கி, இரண்டாங்கட்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். உடனே போட்டுப் பார்க்கலாம் என்கிறார் வண்டிக்காரர். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது என்கிறார் என் கணவர். மாமியாருடைய இன்சுலின் இப்போது ஐஸ் பெட்டியில் இருப்பதால் நீண்ட நேரம் காத்திருக்கவும் தயக்கமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டையூர் ஆசிரியர்:
24 மணி நேரம் கட்டாயம் நிறுத்திவைக்க வேண்டும். படுக்கவைத்து ஆட்டி எடுத்து வரும்போது உள்ளே இருக்கும் கேஸ் கலைந்து தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. அது மெல்ல இறங்கித் தன் இடத்துக்குத் திரும்பிய பிறகே இயக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம். இதுவரை எந்தப் பழுதும் வந்ததில்லை.

புதுவயல் கடைக்காரர்:
இவ்வளவு நேரமெல்லாம் தேவையில்லை. மூன்று நிமிடம் போதும். என் கடையில் குளிர்பானப் பெட்டிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரே மின்சாரம் வந்து மூன்று நிமிடம் கழித்துத்தான் இணைப்புக் கொடுக்கிறது. கம்ப்ரசருக்கு அந்த ஓய்வு போதும் என்றுதான் அதை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

தேவகோட்டை மெக்கானிக்:
சகோதரி, இன்று போட வேண்டாம். இரவு முழுவதும் நிற்கட்டும், நாளைக் காலையில் போடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் எப்போது இரண்டு மணி நேரம் போதும், எப்போது ஓர் இரவு வேண்டும் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

கடைக்கார அண்ணன் சொல்லும் மூன்று நிமிடம் வேறு ஒரு காரணத்துக்கானது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றவுடன் ஒருபுறம் அழுத்தம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் இருக்கும். அந்த நிலையில் உடனே மின்சாரம் வந்தால் மோட்டாரால் சுழலத் தொடங்க முடியாது. இரண்டும் சமமாவதற்குத்தான் அந்த இடைவெளி. மணிக்கணக்கில் அணைந்து கிடந்த ஃப்ரிட்ஜில் அந்தச் சமநிலை எப்போதோ வந்திருக்கும்.

ஆசிரியர் ஐயா சொன்ன முடிவு பாதுகாப்பானதுதான். காரணம் மட்டும் கேஸ் அல்ல. கேஸ் எந்தப் பக்கம் சாய்த்தாலும் குழாய் முழுவதும் பரவியே இருக்கும், அதற்கென்று ஓர் இருப்பிடம் கிடையாது. இடம் மாறிப்போவது கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய்.

ஃப்ரிட்ஜின் பின்புறம் அடியில் கறுப்பு நிறத்தில், மூடி பற்றவைக்கப்பட்ட இரும்புக் கிண்ணம் போல ஒன்று தெரியும். மோட்டாரும் பிஸ்டனும் அதற்குள்ளே ஸ்பிரிங்குகளின் மீது அமர்ந்திருக்கின்றன. அடியில் சுமார் ஒரு தம்ளர் அளவுக்கு எண்ணெய் தேங்கியிருக்கும். மோட்டாரின் தண்டு கீழ்முனையால் அந்த எண்ணெயைத் தொட்டு, சுழலும்போது அதை மேலே இழுத்து, தேயும் இடங்களுக்கெல்லாம் கொடுக்கிறது. வெளியே பார்த்தால் மூன்று குழாய்கள் இருக்கும். ஒன்று முனை அடைக்கப்பட்டது, கேஸ் ஏற்றுவதற்கானது. மெல்லியது, சூடான கேஸ் வெளியேறும் வழி. மற்றது ஃப்ரீசரிலிருந்து திரும்பி வரும் குழாய். இந்தத் திரும்பி வரும் குழாய், சாதாரண வீட்டுக் கம்ப்ரசர்களில், கிண்ணத்தின் உட்புறக் காலியிடத்திலேயே திறந்திருக்கிறது. பெட்டி நிற்கும்போது அதன் வாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கும். படுக்கவைத்தால் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்த வாயை எட்டக்கூடும். சாலை அதிர்ச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் ஏறியும் விடும்.

நிமிர்த்தியவுடன் போட்டால் இரண்டு தொல்லைகள் வரலாம். கிண்ணத்தில் எண்ணெய் குறைந்திருந்தால் தண்டும் பேரிங்கும் உலர்ந்தே சுழலும். அதைவிட மோசமானது, குழாயில் நிற்கும் எண்ணெயைக் கம்ப்ரசர் ஒரேயடியாக உறிஞ்சுவது. பிஸ்டன் கேஸை அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது. திரவத்தை அழுத்த முடியாது. அப்போது அடி வாங்குவது, தகடு போல மெல்லிய வால்வு. அது வளைந்தாலோ உடைந்தாலோ கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் குளிர்ச்சி வராது.

பள்ளத்தூர் மருமகள்:
மிகத் தெளிவாகச் சொன்னீர்கள் அண்ணா. அப்படியானால் 24 மணி நேரம் வைப்பது இன்னும் நல்லது அல்லவா? எண்ணெய் முழுவதும் இறங்கிவிடுமே?

தேவகோட்டை மெக்கானிக்:
முழுவதும் இறங்காது சகோதரி, இதைப் பலர் கவனிப்பதில்லை. கம்ப்ரசருக்கு அருகில், மேலிருந்து கீழாக இறங்கும் குழாயில் இருக்கும் எண்ணெய் மட்டும்தான் நிறுத்திவைப்பதால் வழிந்து திரும்பும். ஃப்ரீசருக்குப் பின்னால் வளைந்து வளைந்து செல்லும் குழாய்களுக்குள் போய்விட்ட எண்ணெய், வளைவுகளில் தேங்கி அங்கேயே நிற்கும். அதை இரண்டு நாள் நிறுத்தினாலும் கீழே கொண்டுவர முடியாது. ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கிய பிறகு கேஸின் ஓட்டம்தான் சிறிது சிறிதாக இழுத்து வரும். ஆகவே கம்ப்ரசர் பாதுகாப்பாகப் புறப்படுவதற்குத் தேவையான எண்ணெய் திரும்பும்வரை காத்திருந்தால் போதும்.

அதற்கு எத்தனை மணி நேரம் என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. நிற்கவைத்தே கொண்டுவந்து, வாசற்படி ஏற்றும்போது மட்டும் சாய்த்த பெட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. படுத்து வந்த பெட்டிக்கு, படுத்திருந்த நேரமாவது நிற்க வேண்டும். அதிலும் நான்கு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். உங்களுடையது நான்கு மணி நேரம் படுத்திருந்தது, வண்டி அதிர்ச்சியும் உண்டு, இரவும் வந்துவிட்டது. அதனால்தான் காலைவரை என்றேன். உங்கள் மாடலின் கையேட்டில் இதைவிட அதிக நேரம் சொல்லியிருந்தால், உத்தரவாதக் காலம் முடியும்வரை அதையே பின்பற்றுங்கள்.

கோட்டையூர் ஆசிரியர்:
கேஸ் அல்ல, எண்ணெய் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் குளிர்நாடுகளில் 24 மணி நேரம் சொல்கிறார்கள் என்றால் அதற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் அல்லவா?

தேவகோட்டை மெக்கானிக்:
இருக்கிறது ஐயா. குளிரில் எண்ணெய் கெட்டியாகி மெதுவாகத்தான் வழியும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகி விரைவாக இறங்கிவிடும். அது மட்டுமல்ல, பெட்டி எப்படிப் பயணம் செய்தது என்று தெரியாத நிலையில், எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண்ணைச் சொல்ல வேண்டுமானால் நானும் பெரிய எண்ணைத்தான் சொல்வேன்.

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் ஃப்ரிட்ஜை மதுரையிலிருந்து படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இறக்கிய உடனே போட்டோம், இன்றுவரை ஓடுகிறது. வீணாகப் பயப்பட வேண்டாம் அம்மா. இன்சுலினை மட்டும் ஐஸ் கட்டியின் மேலேயே வைத்துவிடாதீர்கள். உறைந்துபோனால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. ஓர் இரவுதானே, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாத தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை மெக்கானிக்:
ஆச்சி சொன்ன இன்சுலின் யோசனை மிகவும் சரி. உடனே போட்டும் பழுதாகவில்லை என்பதும் நடக்கக்கூடியதே. எந்தப் பக்கம் கீழே இருந்தது, திரும்பும் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைப் பொறுத்து எண்ணெய் சிறிதும் வெளியேறாமல் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறோம்.

சகோதரி, நிற்கும் நேரத்தில் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் வாடை அடிக்காது. தரை மட்டமாக இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். காலையில் போட்டவுடன் பக்கச் சுவர்களில் கையை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பு தெரிந்தால் கேஸ் ஓடுகிறது என்று பொருள். தொடக்கத்தில் குடுகுடுவென்று நீர் ஓடுவது போன்ற ஒலி வந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் சில வினாடிகள் உறுமிவிட்டு 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடியும் அப்படியே செய்தால், மோட்டாரால் சுழல முடியவில்லை. உடனே அணைத்துவிட்டு இன்னும் சில மணி நேரம் பொறுத்து ஒரே ஒருமுறை மட்டும் முயலுங்கள். பழைய வீட்டில் மின்னழுத்தம் குறைவாக இருந்தாலும் இதே அறிகுறி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஓடியும் சுவர் சூடாகவில்லை, ஃப்ரீசரும் குளிரவில்லை என்றால் கேஸ் கசிந்திருக்கலாம், ஃப்ரீசருக்குக் கேஸைக் கொண்டுசெல்லும் மயிரிழை போன்ற குழாயில் எண்ணெய் அடைத்திருக்கலாம், வால்வும் போயிருக்கலாம். ஆளை அழைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர் மருமகள்:
இன்று காலை ஏழு மணிக்குப் போட்டோம். நீங்கள் சொன்னபடியே பக்கச் சுவர்கள் வெதுவெதுப்பாயின. நண்பகலுக்குள் ஃப்ரீசரில் கை வைக்க முடியாத அளவுக்குக் குளிர் வந்துவிட்டது. கீழ்ப்பகுதி இன்னும் முழுமையாகக் குளிரவில்லை. ஒன்று மட்டும் புதிதாக இருக்கிறது: கம்ப்ரசர் நிற்கும்போது 'டொக்' என்று ஓர் ஒலி கேட்கிறது. திருச்சியில் இதைக் கேட்டதாக நினைவில்லை.

தேவகோட்டை மெக்கானிக்:
கீழ்ப்பகுதி சீராகக் குளிர ஒரு நாள்கூட ஆகலாம், அதுவரை பொருள்களை நிறைய அடுக்க வேண்டாம். இன்சுலினும் பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும். நிற்கும்போது மட்டும் ஒருமுறை ஒலி வந்தால், ஸ்பிரிங்கின் மீதுள்ள மோட்டார் குலுங்கி அடங்குவதாக இருக்கலாம். பல ஃப்ரிட்ஜ்களில் அது இயல்பு, கல்தளமும் உயர்ந்த கூரையும் உள்ள உங்கள் அறையில் கூடுதலாகவும் கேட்கும். ஓடும்போதும் தொடர்ந்து இடிப்பது போல் கேட்டால், பயணத்தில் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவியிருக்கக்கூடும். எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும் அது சரியாகாது. அந்தக் கிண்ணத்தைத் திறந்து பழுதுபார்க்கவும் முடியாது, கம்ப்ரசரையே மாற்ற வேண்டியிருக்கும். எந்த ஒலி என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
இதுவரை நிற்கும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறது. சமையலறைச் சத்தம் அடங்கிய பிறகு, ஓடும்போது அருகில் நின்று கேட்டுவிட்டு எழுதுகிறேன். உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்பதால் ரசீதையும் தேடி எடுத்து வைக்கிறேன்.