வெளி நட் இறுக்கமாக இருந்தது, உள் நட் கையோடு சுழன்றது

ஸ்காபரோ, சொந்த லொறி ஓட்டுபவர்:
சென்ற மாதம் 401 நெடுஞ்சாலையில், கிங்ஸ்டனுக்குச் சற்று முன்னால், தேநீர் குடிக்க நிறுத்தினேன். ட்ரெய்லரைச் சுற்றி வந்தபோது இடப்பக்கப் பின் அச்சில் மூன்று நட்டுகளின் ஓரத்திலிருந்து செந்நிறத் துருக்கோடுகள் வெளிநோக்கி ஓடியிருந்தன. பழைய ட்ரெய்லர் என்பதால் அதில் இருப்பவை ஸ்டட்டே நடுவைப் பிடிக்கும் இரட்டைச் சில்லுகள். நீண்ட குறட்டைப் போட்டு அழுத்திப் பார்த்தேன். பத்து நட்டும் அசையவில்லை. ஆனாலும் அந்தத் துருநிறம் மனதை விடவில்லை. வீதி உதவிக்கு அழைத்தேன். வந்தவர் வெளி நட்டுகளைக் கழற்றியதும் உள்ளேயிருந்த நட்டுகளில் மூன்று கையோடு சுழன்றன. உட்சில்லின் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. பத்து நாட்களுக்கு முன்புதான் ஒரு கராஜில் ரயர் மாற்றியிருந்தேன். வெளியே இவ்வளவு இறுக்கம் இருக்க, உள்ளே எப்படித் தளர்ந்தது?

பிராம்ப்டன், ஓய்வுபெற்ற மெக்கானிக்:
தம்பி, நின்று பார்த்தது நல்லது. அந்த வகையில் உட்சில்லுக்குத் தனி நட் உண்டு. குழாய் போன்றது, முனை உருண்டை. அந்த உருண்டை சில்லின் குழிவான துளையில் அமரும்போதுதான் சில்லு நடுவுக்கு வருகிறது. வெளிச்சில்லின் நட் ஸ்டட்டில் ஏறுவதில்லை, உள் நட்டின் வெளிமரையில்தான் ஏறுகிறது. ஆகவே வெளி நட்டை எவ்வளவு இறுக்கிச் சோதித்தாலும் உள் நட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மறுபடி இறுக்க ஒரே வழிதான். ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து வெளி நட்டுகளைத் தளர்த்தி, அவற்றின் உள் நட்டுகளை 450 முதல் 500 அடி-பவுண்டு வரை இறுக்கி, வெளி நட்டுகளையும் அதே அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். பிறகு மற்ற ஐந்து. சில்லு மாட்டி 80 முதல் 160 கிலோமீற்றர் ஓடிய பிறகு இதைச் செய்ய வேண்டும். உங்கள் கராஜில் இது நடந்திருக்காது. இன்னொன்று: இடப்பக்கத்தில் மரை இடச்சுற்று. புதிய வகையில் இரு பக்கமும் வலச்சுற்று என்பதால், அதில் பழகியவர் கை தவறும்.

மிஸ்ஸிசாகா, ட்ரக் ஓட்டுநர்:
இதெல்லாம் பழைய சில்லின் தொல்லை. ஹப்பே நடுவைப் பிடிக்கும் புதிய வகைக்கு மாறிவிடுங்கள். சில்லு ஹப்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் பிசகவே முடியாது, பாரத்தையும் ஹப் தாங்கிக்கொள்ளும். மரைக்கு எண்ணெய் விட்டால் போதும்.

பிராம்ப்டன் மெக்கானிக்:
எண்ணெய் பற்றிப் பாதி சரி. தட்டை நட் உள்ள புதிய வகையில் ஸ்டட்டின் முனையிலும், நட்டுக்கும் அதனோடு சேர்ந்த வாஷருக்கும் இடையிலும் இரண்டு சொட்டு விடலாம். தம்பியின் உருண்டை நட்டுக்கு எண்ணெய் கூடாது. மரையும் இருக்கையும் உலர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் பாரத்தை ஹப் தாங்குகிறது என்பது தவறு. இரு வகையிலும் சில்லைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் இறுக்கமும், அதனால் தட்டுகளுக்கு இடையே வரும் உராய்வும்தான். ஹப்பின் மேடுகள் மாட்டும்போது நடுவைக் காட்டுவதற்கு மட்டுமே. சில்லின் நடுத்துளைக்கும் மேட்டுக்கும் சிறிது இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரு மேடு உச்சியில், கடிகாரத்தின் 12 நிற்கும் இடத்தில் வருமாறு ஹப்பைத் திருப்ப வேண்டும். இரு சில்லுகளையும் அதன்மேல் தொங்கவிட்டு, முதலில் உச்சி நட்டையும் பிறகு எதிரெதிராக மற்றவற்றையும் இறுக்க வேண்டும். உச்சியில் இரு மேடுகளுக்கு நடுவிலான பள்ளம் வந்தால் சில்லு இறங்கி நின்றுவிடும். நடு பிசகிய சில்லு ரயரைத் தேய்க்கும். உட்சில்லு இருந்த இடத்தில் துரு மேடு கட்டியிருந்தாலும் இதே கதி. கம்பித் தூரிகையால் தேய்க்காமல் மாட்டக் கூடாது.

மார்க்கம், கார் வைத்திருப்பவர்:
என் காரில் வேறு அலுமினியச் சில்லு மாட்டியதும் 100இல் ஸ்டீயரிங் நடுங்கியது. நடுவில் ஒரு பிளாஸ்ரிக் வளையம் போட்டார்கள், நின்றுவிட்டது. ட்ரெய்லருக்கும் அப்படி வளையம் கிடைக்காதா?

பிராம்ப்டன் மெக்கானிக்:
அது வேறு விடயம், தங்கை. இங்கே வளையத்தால் எதையும் சரிசெய்ய முடியாது. இரு வகைகளும் 10 துளை, 285.75 மில்லிமீற்றர் வட்டம் என்பதால் ஒன்று மற்றதன்மேல் ஏறிவிடும். நேரான துளை உள்ள சில்லில் உருண்டை நட்டைப் போட்டு வந்த ஒரு ட்ரெய்லரை நானே கழற்றியிருக்கிறேன். நட் துளையின் விளிம்பை மட்டும் கடித்திருந்தது. தம்பி, உங்கள் உட்சில்லை எறியுங்கள். ஸ்டட்டுகள் பத்தையும் மாற்றுங்கள்.

ஸ்காபரோ, சொந்த லொறி ஓட்டுபவர்:
ஐயா, வீதி உதவிக்கு வந்தவர் மூன்று ஸ்டட் மாற்றினால் போதும் என்றார். நீங்கள் சொன்னபடி பத்தையும் மாற்றினேன், சில்லையும் எறிந்தேன். நேற்று 120 கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, ஐந்து ஐந்தாகப் பார்த்தேன். இரண்டு உள் நட்டுகள் கால் சுற்று ஏறின.

மிஸ்ஸிசாகா, ட்ரக் ஓட்டுநர்:
நட்டில் மாட்டும் மஞ்சள் அம்புக்குறிகளைப் போட்டுவிடுங்கள், நட் திரும்பினால் தெரியும்.

பிராம்ப்டன் மெக்கானிக்:
வெளி நட் திரும்பினால் தெரியும். அவருடையது திரும்பவே இல்லையே.