நுழைவுத் தேர்வுக்கு முன் படிக்க லீவு கேட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிப்படி

பன்னிரண்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ பள்ளி. ஜேஇஇ மெயின் முதல் அமர்வு ஜனவரிக் கடைசியில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜனவரி தொடக்கத்தில் லீவு கேட்டுக் கடிதம் கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், அப்பாவின் கையெழுத்து என்று எல்லாமே முறையாக இருந்தது. விண்ணப்ப எண் உள்ள கன்ஃபர்மேஷன் பக்கத்தையும் பின் அடித்திருந்தேன்.

முதல்வர் அம்மா கடைசி வரி வரை படித்தார். "ஹால் டிக்கெட் எங்கே?" என்றார். "தேர்வுக்கு மூணு நாலு நாள் முன்னாடிதான் மேடம் வரும்" என்றேன். "சரி, அது வந்ததும் வா" என்று கடிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஹால் டிக்கெட் வந்த பிறகு தயாரிப்புக்கு எங்கே நேரம்? அந்தக் கேள்வியை அங்கேயே கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் மனசு அரிக்கிறது. கன்ஃபர்மேஷன் பக்கம் ஏன் ஆதாரமாகாது?

ரயிலடி ரவி

நீங்கள் லீவே கேட்டிருக்கக் கூடாது, ஆன் டியூட்டி கேட்டிருக்க வேண்டும். தேசிய அளவில் நடக்கும் தேர்வுதானே, வருகைப் பதிவில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் தேர்வன்று போன எல்லாருக்கும் ஓடி போட்டார்கள். கடிதத்தில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

வேதியியல் டீச்சர்

ரவி சொல்வது தேர்வு நடக்கும் நாளுக்குச் சரி. அதுகூட அந்தந்தப் பள்ளியின் முடிவுதான். அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நாட்களுக்கு ஓடி கிடையாது. முதல்வர் கையெழுத்துப் போட்டு அனுமதித்தாலும் பதிவேட்டில் அது ஆப்சென்ட்தான். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டிடம் விலக்கு கேட்கலாம் என்பார்கள். நீண்ட நாள் நோய், பெற்றோர் இறப்பு, தேசிய அளவிலான விளையாட்டு போன்ற காரணங்களுக்குத்தான் அது. நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மாடிப்படி, உங்கள் முதல்வர் கேட்டது நியாயமில்லை என்பதே என் கருத்தும். ஆனால் வகுப்பாசிரியராக இப்படிப்பட்ட கடிதங்களை வருடா வருடம் வாங்கி மேலே அனுப்புகிறவள் என்பதால், அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் பயத்தையும் சொல்கிறேன். ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை செய்முறைத் தேர்வுக் காலம். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு எந்த நாள் வசதியோ அதை ஒட்டித்தான் பள்ளி தேதி வைக்கும். லீவில் போன மாணவன் அன்றைக்கு வராமல் போனால் இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 30 மதிப்பெண் தொங்கலில் நிற்கும். அந்தக் காலக்கெடுவுக்குள் வேறு நாள் வைக்கலாம்தான். அதற்கு அந்தத் தேர்வாளர் மறுபடி கிடைக்க வேண்டும். என்ஐடியில் சேர ஜேஇஇ ரேங்க் மட்டும் போதாது, பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமோ போர்டின் முதல் 20 பர்சன்டைலோ வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்த 60 மதிப்பெண் அங்கே வந்து இடிக்கும்.

அதனால் என் மாணவர்களிடம் "தேர்வு முடியும் வரை விடுப்பு வேண்டும்" என்று எழுதாதே என்பேன். உன் தேர்வு எந்த நாள் என்பதே அப்போது உனக்குத் தெரியாது. அமர்வு பல நாள் நடக்கும், அதில் ஒரு நாளை அவர்கள்தான் ஒதுக்குவார்கள். 2025-இல் அது ஜனவரி 22-இல் தொடங்கி 30 வரை போனது. அந்த வருடம் ஒரு பையன் எழுதி வந்த கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஜேஇஇ மெயின் முதல் அமர்வு 22.01.2025 முதல் நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. எனக்கான நாள் இன்னும் ஒதுக்கப்படவில்லை. 16.01.2025 முதல் 21.01.2025 வரை விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடையில் என் பிரிவுக்குச் செய்முறைத் தேர்வு வைக்கப்பட்டால் அன்று தவறாமல் வருவேன். ஹால் டிக்கெட் கிடைத்த அன்றே நகலைச் சமர்ப்பிப்பேன்."

அதில் தொடக்கமும் முடிவும் இருந்தன. செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன் என்ற வாக்கை அவனே கொடுத்திருந்தான். ரெக்கார்டு நோட்டில் எல்லாச் சோதனைக்கும் கையெழுத்து வாங்கியாயிற்று என்று ஓரத்தில் நான் எழுதினேன், அன்று மாலையே அனுமதி வந்தது. முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள், நேராக முதல்வர் அறைக்குப் போகாதீர்கள்.

நீதிமன்றக் கனவு

எனக்கு சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு. அது டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடுவதால் நவம்பர் இரண்டாம் பாதி முழுக்க லீவு கேட்டேன். முதல்வர் சார் மறுக்கவில்லை. கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தார்.

அதுவரை பள்ளி நடந்தது 120 நாள், நான் வந்தது 94. 78 சதவீதம், நிம்மதியாகத்தான் இருந்தேன். கேட்ட காலத்தில் வேலை நாள் 12. அப்படியானால் 132-க்கு 94, அதாவது 71. "சரி சார், டிசம்பர்ல லீவே போடாம வந்து ஏத்திடறேன்" என்றேன். "ஒரு நாள் போனா மூணு நாள் வந்தாதான்மா ஈடாகும்" என்று கீழே எழுதினார். 75-ஐத் தொட இன்னும் 20 நாள் ஒரு நாள்கூட விடாமல் வர வேண்டும். வருகைக் கணக்கை ஜனவரி 1 வரைதான் பார்ப்பார்கள். நடுவில் கிளாட் நாள், விடுமுறை எல்லாம் போனால் 20 எங்கே இருக்கிறது? "இன்னிக்கு இருக்கிற நிலைமைல அஞ்சு நாள் தர்றேன். ஆறாவது நாள் போட்டா 75-க்குக் கீழ போயிடும்" என்று 5-ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

கோபம் வந்தது, ஆனால் அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஐந்து நாளை மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். டீச்சர் தேதி, செய்முறை எல்லாம் சொன்னார், வருகை எண்ணிக்கையைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லவில்லையே? நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

பாலத்தடி அம்மா

என் மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம். கேட் தேர்வு பிப்ரவரியில். அவர்கள் கல்லூரியில் பிரின்சிபாலுக்கு நேராக எழுதக் கூடாது, துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டுமாம். அவர் மேசையிலேயே கடிதம் ஒரு வாரம் கிடந்தது. அந்த வாரத்தில் இன்டர்னல் தேர்வுக்கும் தேதி போட்டுவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே போன் செய்தாள். பெற்றோர் கையெழுத்து இருந்தால் சீக்கிரம் நகருமா? கல்லூரியில் அதையெல்லாம் பார்ப்பார்களா?

சுண்ணாம்புக் காளவாய்

டீச்சர், உங்கள் பையனுக்குக் கிடைத்தது கடிதத்தால் இல்லை, நீங்கள் ஓரத்தில் எழுதிய வரியால். எங்கள் வகுப்பாசிரியர் "கோச்சிங் போறவனுக்கெல்லாம் நான் எழுத மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதே வாரம், முதல் ரேங்க் எடுக்கும் பையனுக்குக் கடிதமே இல்லாமல் லீவு கிடைத்தது. தேதி, கணக்கு, ஆதாரம் எல்லாம் சரியாக எழுதியும் வகுப்பாசிரியரே மறுத்தால் யாரிடம் போவது?

வேதியியல் டீச்சர்

காளவாய், உங்களுக்கு நடந்தது அநியாயம். அப்படி நடக்கும் இடங்களில் பெற்றோர் நேரில் வந்து முதல்வரிடம் கொடுத்து, அலுவலகத்தில் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் பதில் வந்திருக்கிறது, ஆனால் எல்லாப் பதிலும் சம்மதமாக இருந்ததில்லை. நீதிமன்றக் கனவு சொன்ன வருகை எண்ணிக்கையை இனி என் மாணவர்களைக் கட்டாயம் எழுதச் சொல்வேன். பாலத்தடி அம்மா, கல்லூரி நடைமுறை எனக்குப் பழக்கமில்லை, கேட் எழுதிய யாராவது சொல்லட்டும்.

மாடிப்படி

டீச்சர், ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் எந்த ஊரில் தேர்வு என்ற சீட்டு வருமே, அதை ஆதாரமாக ஏற்பார்களா? என் தம்பி அடுத்த வருடம் எழுதுகிறான். அதே பள்ளி, அதே முதல்வர்.